கட்டுக்கட்டாக வழக்குத் தாள்கள்: கண்ணாடி ஸ்கேனரா, தாள் இழுக்கும் ஸ்கேனரா?

ஐயா, குழித்துறையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் 18 ஆண்டுகளாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். நடப்பும் முடிந்ததுமாகச் சுமார் 400 கேஸ் கட்டுகள் அலமாரிகளில் இருக்கின்றன. கட்டுக்கு ஏறக்குறைய 50 தாள் வரும். திருவிதாங்கூர் காலத்து மலையாள ஆதாரங்களும் நடுநடுவே உண்டு. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்கிறார் வக்கீல் சார். கண்ணாடி மேல் வைத்து எடுக்கும் ஃப்ளாட்பெட் ஸ்கேனர் 6,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. தாளைத் தானாக இழுத்துக்கொள்ளும் ஸ்கேனருக்கு 35,000 ரூபாய் கேட்கிறார்கள். ஆறு மடங்கு கொடுப்பதில் நியாயம் இருக்கிறதா? பழைய தாள்களை அது கிழித்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.
— ஒரு வாசகர், குழித்துறை

அன்புள்ள வாசகருக்கு,

தாள் இழுக்கும் ஸ்கேனரையே வாங்குங்கள். ஆனால் உங்கள் பயமும் நியாயமானது. உங்கள் கட்டுகளில் ஒரு சிறு பங்கு அந்த இயந்திரத்துக்குள் போகவே கூடாத தாள். அந்தப் பங்கிற்குக் கண்ணாடி வேண்டும். உங்கள் அலுவலகத்தில் பிரிண்ட், ஜெராக்ஸ், ஸ்கேன் மூன்றும் செய்யும் இயந்திரம் ஒன்று ஏற்கெனவே இருக்குமானால், அதன் மூடியைத் தூக்கினால் தெரியும் கண்ணாடியே ஃப்ளாட்பெட் ஸ்கேனர்தான். தனியாக ஒன்று வாங்க வேண்டியதில்லை.

விலையைப் பேசுவதற்கு முன் ஓர் அளவைப் பேசியாக வேண்டும், ஏனென்றால் வக்கீல் அலுவலகங்கள் ஃப்ளாட்பெட் வாங்கி ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கடையில் கிடைக்கும் சாதாரண ஃப்ளாட்பெட்டின் கண்ணாடி ஏ4 அளவு. நீளம் 297 மில்லிமீட்டர், அதாவது பன்னிரண்டு அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. லீகல் தாளின் நீளம் 14 அங்குலம். முத்திரைத்தாளும், பழைய அன்யாயங்களும், ஆதார நகல்களும் ஏறத்தாழ இந்த நீண்ட அளவில் இருப்பவை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தாளை ஏ4 கண்ணாடியில் வைத்தால் கீழே இரண்டு அங்குலம் வெளியே தொங்கும். ஆதாரத்தில் அந்த இரண்டு அங்குலத்தில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: சொத்து விவரத்தின் கடைசி இரண்டு எல்லைகளும், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எழுதிக்கொடுப்பவர் போட்ட கையொப்பமும். ஒரே தாளை மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு முறை எடுக்கலாம்தான்; பத்துத் தாளுக்கு அது சரி, இருபதாயிரம் தாளுக்கு அது தண்டனை. தாள் இழுக்கும் ஸ்கேனரில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே கண்ணாடி என்பது ஒரு விரல் அகலப் பட்டை மட்டுமே. தாள்தான் அதன்மேல் நகர்ந்து போகிறது என்பதால், அகலம் பொருந்தினால் லீகல் நீளம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

இனி நேரக் கணக்கு. 400 கட்டுக்கு 50 தாள் வீதம் 20,000 தாள். கண்ணாடியில் ஒரு தாளை வைத்து, ஓரம் நேராக்கி, மூடி, எடுத்து முடிக்க, பழகிய கைக்கே 25 வினாடி ஆகும். பின்பக்கமும் எழுத்திருந்தால் அதில் இன்னொரு பங்கு. இரண்டுவகைத் தாளும் கலந்து வரும் கட்டுகளில் சராசரியாகத் தாளுக்கு 36 வினாடி என்று வைத்தால், 200 மணி நேரம். கட்டை அவிழ்க்கவும் எடுத்ததைச் சரிபார்க்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் 260 மணி நேரத்துக்கு வந்து நிற்கும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் இதற்கென்றே ஒருவர் உட்கார்ந்தாலும் 52 வேலை நாள். அத்தனை நாளும் அவர் வேறு எதையும் செய்ய முடியாது. நீதிமன்ற நேரத்தில் குமாஸ்தாவை அப்படிக் கட்டிப்போட எந்த வக்கீலும் சம்மதிக்க மாட்டார், ஆகவே அந்த 52 நாள் உண்மையில் ஓர் ஆண்டாகிவிடும்.

நிமிடத்துக்கு 30 தாள் இழுக்கும் ஸ்கேனர் அதே 20,000 தாளை, இரண்டு பக்கமும் ஒரே ஓட்டத்தில் படித்து, ஏறத்தாழ 11 மணி நேரத்தில் முடித்துவிடும். விற்பனைக்காரர் இந்த எண்ணைத்தான் உங்களிடம் சொல்லியிருப்பார். பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. இயந்திரத்துக்குள் போவதற்கு முன் ஒவ்வொரு கட்டிலும் டேக் கயிற்றை அவிழ்க்க வேண்டும், குண்டூசியையும் ஸ்டேப்ளர் பின்னையும் ஒன்றுவிடாமல் எடுக்க வேண்டும், மடிந்த காதுகளை நிமிர்த்த வேண்டும், உள்ளே போகக்கூடாத தாள்களைப் பிரித்து வைக்க வேண்டும். கட்டுக்கு 8 நிமிடம் என்றால் 53 மணி நேரம். எடுத்த பின் திரையில் ஒவ்வொரு பக்கத்தையும் தள்ளிப் பார்க்கக் கட்டுக்கு 5 நிமிடம் என்றால் 33 மணி நேரம். கண்ணாடிக்குப் போக வேண்டிய தாள்கள் சராசரியாகக் கட்டுக்கு மூன்று என்று வைத்து அதற்கு 20 மணி நேரம். மொத்தம் 120 மணி நேரத்துக்குள். கண்ணாடி மட்டும் இருந்தால் ஆகும் நேரத்தில் பாதிக்கும் குறைவு; அதிலும் இந்த வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்கலாம். பின் எடுப்பதை ஜூனியரோ தட்டச்சு செய்பவரோ மாலையில் செய்யலாம், மறுநாள் காலை நீங்கள் இயந்திரத்தில் விடலாம். 29,000 ரூபாய் வித்தியாசத்துக்கு நீங்கள் வாங்குவது இந்த 140 மணி நேரத்தைத்தான். அது உங்கள் அலுவலகத்துக்குப் பெறுமா என்பதை வக்கீல் சார் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

ஒரு கட்டை எடுத்து வேலையை முழுதாகப் பார்ப்போம். விளவங்கோடு பக்கத்து நிலம் ஒன்றின் பாகப்பிரிவினை வழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டை அவிழ்த்து மேசையில் போட்டால் 64 தாள். முதல் வேலை, ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் 1 முதல் 64 வரை எண் போடுவது. இதை வீண் வேலை என்று எண்ணித் தள்ளாதீர்கள். பின்னால் இந்த எண்ணே உங்களுக்குச் சாட்சி சொல்லப் போகிறது. பிறகு பிரிப்பது. வக்காலத்து, அன்யாயம், எதிர்வாதம், மனுக்கள், வாக்குமூலங்கள் ஆகியவை தட்டச்சு செய்த உறுதியான தாள்கள். இந்தக் கட்டில் அவை 49. இவை இயந்திரத்துக்கு. கொல்லம் 1121-ஆம் ஆண்டு மலையாளத்தில் கையால் எழுதிய முன்னாதாரம் 5 தாள், மூன்றாக மடித்து மடித்து மடிப்பில் வெடித்திருக்கிறது. நீதிமன்றம் நூலால் தைத்து முடிச்சின் மேல் முத்திரை வைத்துக் கொடுத்த சான்றிட்ட நகல் 6 தாள். அரைத்தாளில் தட்டச்சு செய்த நோட்டீஸின் கார்பன் நகல் 2. தபால் ஒப்புகை அட்டைகளைப் பசை வைத்து ஒட்டிய தாள் 1. கமிஷனர் கொடுத்த பிளான் 1, நான்காக மடித்தது, விரித்தால் மேசையில் பாதியை அடைக்கும்.

இந்தப் பதினைந்தும் ஏன் ஒதுங்கி நிற்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற 399 கட்டையும் நீங்களே பிரித்துவிடுவீர்கள். தாள் இழுக்கும் ஸ்கேனரில் ரப்பர் உருளைகள் இரண்டு வேலையை எதிரெதிராகச் செய்கின்றன. ஒன்று அடுக்கின் ஓரத்துத் தாளைப் பிடித்து உள்ளே இழுக்கிறது. மற்றொன்று அதோடு ஒட்டி வர முயலும் அடுத்த தாளைத் தடுத்துப் பின்னே தள்ளுகிறது. நல்ல தாளுக்கு இந்த இழுபறி தெரிவதே இல்லை. மடிப்பில் வெடித்த தாளில் இழுக்கும் விசை வெடிப்பின் ஒரு பக்கத்திலும் தடுக்கும் விசை மறுபக்கத்திலும் விழுகிறது, வெடிப்பு கிழிசலாகிறது. கார்பன் நகலின் மெல்லிய தாளுக்கு நிமிர்ந்து நிற்கும் வலுவே இல்லாததால் அது முன்னேறாமல் விசிறி மடிப்பாகச் சுருங்கிவிடுகிறது. தைத்த நகலை இயந்திரத்தில் விட வேண்டுமானால் நூலை வெட்ட வேண்டும். முத்திரையோடு முடிச்சை வெட்டினால் அந்த நகலின் மதிப்பு என்னவாகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தைத்தபடியே கண்ணாடியில் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி வைத்து எடுங்கள்.

கார்பன் நகலுக்கும் ஒட்டிய அட்டைக்கும் ஓர் இடைவழி உண்டு. கேரியர் ஷீட் என்று, ஒரு பக்கம் மட்டும் மூடிய ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறை விற்கிறார்கள்; தாளை அதற்குள் வைத்து, மூடிய விளிம்பு முதலில் போகும்படி இயந்திரத்தில் விட்டால், உருளை பிளாஸ்டிக்கைத்தான் பிடிக்கும், தாளைத் தொடாது. ஒவ்வொன்றாகவே விட வேண்டும். பெரும்பாலும் ஏ4 அளவில்தான் வரும், ஆகவே லீகல் நீள ஆதாரத்துக்கு உதவாது. பிளானை வீட்டு இயந்திரம் எதிலும் எடுக்க முயல வேண்டாம். கட்டட வரைபடம் ஸ்கேன் செய்யும் அகல இயந்திரம் உள்ள கடையில் கொடுத்து எடுத்து வாருங்கள். வெறும் ஒரு தாளுக்காக ஏ3 கண்ணாடி வாங்குவது வீண்.

ஆக இந்தக் கட்டில் 49 தாள் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கண்ணாடிக்கு வந்த 11 தாளுக்கு, முன்னாதாரம் ஏ4-ஐவிட நீளமானதால் பக்கத்துக்கு இரண்டு தடவையாக 20 முறையும், ஒரு பக்கம் மட்டும் எழுத்துள்ள ஏ4 நகலுக்கு 6 முறையும் ஆக 26 முறை மூடியைத் தூக்கி இறக்க வேண்டும், 11 நிமிடம். நாற்பத்தொன்பதை விடப் பதினொன்று பல மடங்கு நேரம் தின்னுகிறது. உங்கள் கட்டுகள் எல்லாம் இப்படி இருக்காது, இது கொஞ்சம் கடினமான கட்டு. ஆனால் தாள் இழுக்கும் ஸ்கேனர் வாங்கிய பலர் ஒரு வாரத்தில் மனம் சலிப்பது இந்தப் பதினொன்றை எதிர்பார்க்காததால்தான்.

இப்போது எதில் தவறு நேரும் என்பதற்கு வருகிறேன். கிழிசல் கண்ணுக்குத் தெரியும், உடனே நிறுத்திவிடுவீர்கள். தெரியாமல் நடக்கும் தவறுதான் ஆபத்து: இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் போவது. திரையில் மேல்தாளின் முன்பக்கமும் கீழ்த்தாளின் பின்பக்கமும் அழகாக வந்து நிற்கும். நடுவில் இரண்டு பக்கம் காணாமல் போயிருக்கும். நம் பக்கத்தில் இடவப்பாதி, துலாவர்ஷம் என்று இரண்டு மழையும் வருவதால், மூடிய அலமாரித் தாள் ஈரத்தை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது சாதாரணம். இதைக் கண்டுபிடிக்க நல்ல இயந்திரங்களில் அல்ட்ராசோனிக் சென்சார் இருக்கிறது. அது தாளின் ஒரு பக்கத்திலிருந்து ஒலியை அனுப்பி மறுபக்கத்தில் கேட்கிறது. ஒற்றைத் தாளை ஒலி ஓரளவு கடந்துவிடும், இரண்டு தாளின் நடுவே மெல்லிய காற்றடுக்கு இருப்பதால் அங்கே ஒலி பெரிதும் அடங்கிப்போகும், உடனே இயந்திரம் நின்றுவிடும். 35,000 ரூபாய் சொல்லும் மாடலில் இது இருக்கிறதா என்று தவறாமல் கேளுங்கள். நீளத்தை மட்டும் அளந்து இரட்டைத் தாளைக் கண்டுபிடிக்கும் மலிவு மாடல்கள் உண்டு, ஒரே நீளமுள்ள இரண்டு தாள் மிகச் சரியாக ஒட்டிப் போனால் அவற்றுக்குத் தெரியாது.

அந்தச் சென்சாருக்கும் ஒரு குறை உண்டு. புகைப்படம் ஒட்டிய தாளோ, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீதோ, கிழிசலுக்குப் பின்னால் காகிதம் ஒட்டிய தாளோ வந்தால், அங்கேயும் இரண்டு அடுக்கு இருப்பதால் இரட்டைத் தாள் என்று எண்ணி நிற்கும். பத்து முறை நின்றதும் எரிச்சலில் சென்சாரை அணைத்துவிடுவதே எல்லோரும் செய்வது; அணைத்ததை மறந்து அடுத்த கட்டையும் விடுவது அதற்கடுத்து நடப்பது. அணைக்காதீர்கள். அந்தத் தாளை மட்டும் எடுத்துக் கண்ணாடிக்குத் தள்ளுங்கள்.

பென்சில் எண் இங்கேதான் கைகொடுக்கிறது. இரண்டு பக்கமும் எடுக்கும்படி வைத்து, வெற்றுப் பக்கம் எதையும் நீக்காமல் விட்டால், 49 தாளுக்குத் திரையில் 98 பக்கம் வந்தே ஆக வேண்டும். 96 என்றால் ஒரு தாள் போய்விட்டது. எந்தத் தாள் என்று எண்ணைப் பார்த்தாலே தெரியும். கட்டை மறுபடி டேக் போடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள், டேக் போட்ட பின் பார்த்துப் பயனில்லை.

வெற்றுப் பக்கம் நீக்காமல் என்று சொன்னதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் எல்லைக்கு அப்பால் ஓர் அலுவலகத்துக்கு ஆதாரங்களை ஸ்கேன் செய்து கொடுத்தேன். மென்பொருளில் `Skip Blank Pages` என்ற தேர்வை இயக்கியிருந்தேன். கோப்பு சிறிதாகும், பார்க்கச் சுத்தமாக இருக்கும் என்பது என் எண்ணம். முத்திரைத்தாளின் பின்பக்கத்தில் முத்திரைத்தாள் விற்றவர் மங்கிய ஊதா மையில் வைத்த முத்திரையும் இரண்டு வரி எழுத்தும் இருந்தன. அந்தப் பக்கத்தில் மையின் அளவு மிகக் குறைவு என்பதால் இயந்திரம் அதை வெற்றுப் பக்கம் என்று முடிவுகட்டி நீக்கிவிட்டது. மூலத்தைக் கட்சிக்காரர் திரும்ப வாங்கிப் போய்விட்ட பிறகே, அந்த ஆதாரத்தைப் பற்றிய கேள்வி எழுந்தபோது பக்கம் இல்லாதது தெரிந்தது. அவர் வீட்டுக்கே போய் மறுபடி எடுத்து வந்தேன். ஆதாரங்கள் உள்ள வேலையில் அன்று முதல் அந்தத் தேர்வை நான் தொடுவதில்லை. வெற்றுப் பக்கம் இருபது இருந்தால் இருக்கட்டும்.

நிறத்திலும் இதே மாதிரி ஒரு கண்ணி இருக்கிறது. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் கோப்பு மிகச் சிறிதாகும், தட்டச்சுத் தாளுக்கு அதுவே போதும் என்று சொல்வார்கள். ஆனால் அந்த முறையில் இயந்திரம் ஒவ்வொரு புள்ளியையும் கறுப்பு அல்லது வெள்ளை என்று ஏதாவதொன்றாக முடிவு செய்தே தீரும்: பச்சை லெட்ஜர் தாள் இருண்டு எழுத்தோடு கலந்துவிடலாம், வெளிறிய ஊதா முத்திரை வெள்ளையாகக் கரைந்துவிடலாம். உங்கள் கட்டுகளில் இரண்டும் இருக்கும். 300 டிபிஐ, கலர் என்று ஒரே அமைப்பில் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மின்தாக்கலுக்கு வழக்கமாகக் கேட்கும் தெளிவும் 300 டிபிஐதான். கலரில் ஒரு பக்கம் தோராயமாக அரை எம்பி வரும், 98 பக்கத்துக்கு 50 எம்பி. தாக்கலுக்கு அது பெரிதாகப் பட்டால் அந்தச் சமயத்தில் தேவையான பக்கங்களை மட்டும் பிரித்துக் குறைத்துக்கொள்ளலாம். கலரைக் கறுப்பு வெள்ளையாக எப்போதும் மாற்றலாம், கறுப்பு வெள்ளையில் போன முத்திரை மறுபடி வராது. தேடும்படியான பிடிஎஃப் கேட்கிறீர்களானால், தட்டச்சுத் தாளுக்கு அது வரும். கையெழுத்து மலையாளத்துக்கு அதை நம்ப வேண்டாம். பழைய ஆதாரங்களைக் கோப்புப் பெயரில் ஆதார எண்ணும் கொல்லம் ஆண்டும் போட்டு வையுங்கள். ஆங்கில ஆண்டும் வேண்டுமென்றால், சிங்ஙத்திலிருந்து டிசம்பர் முடிய 824-ஐயும் ஜனவரியிலிருந்து கர்க்கடகம் முடிய 825-ஐயும் கூட்டிக்கொண்டால் போதும்.

ஸ்டேப்ளர் பின்னைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியாக வேண்டும். ஃப்ளாட்பெட்டில் கண்ணாடியின் மேல் ஒரு தூசி விழுந்தால் படத்தில் ஒரு புள்ளி விழும், அவ்வளவுதான். தாள் இழுக்கும் ஸ்கேனரில் கண்ணாடி நிலையாக நிற்க, தாள்தான் நகர்கிறது. ஆகவே அதன் மேல் ஒட்டிய ஒரு பசைத் துளியோ திருத்த வெள்ளையின் துகளோ, மேலிருந்து கீழ் வரை ஒரே நேர்கோடாக ஒவ்வொரு பக்கத்திலும் வரும். அந்தக் கோட்டைக் கண்டால் மூடியைத் திறந்து, பஞ்சு பிரியாத மெல்லிய துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்துப் பட்டையைத் துடைத்தால் போய்விடும். துடைத்தும் போகாத கோடு பின் போட்ட கீறல். அதற்குக் கண்ணாடியை மாற்றுவதே வழி. உங்கள் அலுவலகத்துக் கட்டுகளில் பின்னின் மேலேயே அடுத்த பின் அடித்திருப்பதை நான் பார்க்காமலேயே சொல்ல முடியும். பின் எடுக்கும் இடுக்கி ஒன்று வாங்கி, எடுத்த பின் ஒவ்வொரு தாளின் இடது மேல் மூலையையும் விரலால் ஒருமுறை தடவிவிட்டு அடுக்கில் வையுங்கள்.

உருளைகள் தேய்பவை. தேய்ந்தால் தாள் உள்ளே போகாமல் நழுவும், இரட்டைத் தாளுக்கு அடிக்கடி நிற்கும். ஒரு ரோலர் கிட் லட்சம் தாள் அளவுக்குத் தாங்கும்படி பல மாடல்களில் செய்கிறார்கள். உங்கள் 20,000 தாளில் அது தீராது, ஆனால் அந்த மாடலுக்கு ரோலர் கிட் நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ கிடைக்கிறதா என்பதை இயந்திரத்தை வாங்குவதற்கு முன் கேளுங்கள். கடையில் செய்முறை காட்டும்போது புத்தம் புதிய ஏ4 தாளைத்தான் விடுவார்கள். அதில் எந்த இயந்திரமும் வழுக்கிக்கொண்டு போகும். உங்கள் மோசமான கட்டிலிருந்து ஐம்பது தாளை, லீகலும் ஏ4-உம் கலந்து, பழைய பின் துளையோடு எடுத்துக்கொண்டு போய் அதை விடச் சொல்லுங்கள். மூன்று முறைக்கு மேல் நின்றால் அடுத்த மாடலைக் கேளுங்கள். பிரிண்டரோடு சேர்ந்து வரும் தாள் இழுக்கும் தட்டை இதற்கு மாற்றாகக் காட்டுவார்கள். அவற்றில் பெரும்பாலும் தாள் உள்ளே போய் அரைவட்டமாக வளைந்து வெளியே வரும். முத்திரைத்தாள் போன்ற கெட்டித் தாள் அந்த வளைவில் முரண்டு பிடிக்கும். பின்பக்கம் எடுக்கத் தாளைத் திருப்பி மறுபடி இழுக்கும் மாடலானால் சிக்கலும் இரட்டிப்பு. தனி ஸ்கேனரில் தாள் ஏறக்குறைய நேர்வழியாகவே போய்விடும்.

அந்த 1121-ஆம் ஆண்டு ஆதாரம் போன்றவற்றைக் கண்ணாடியில் எடுக்கும்போது, தாளை விரித்ததும் மடிப்பைக் கையால் அழுத்தாதீர்கள், மூடியின் கனமே போதும். மெல்லிய தாளானால் பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்தில் இடவலம் மாறி நிழலாடி வாசிக்க விடாது. அப்போது தாளின் மேல் ஒரு கறுப்பு அட்டையை வைத்து மூடியை இறக்குங்கள், நிழல் பெரும்பாலும் அடங்கிவிடும். அட்டை எட்டு ரூபாய்க்கு ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும்.